மியூவானின் கடிகாரம்: 50 மைக்ரோ விநாடிப் பயணம், 2 மைக்ரோ விநாடி ஆயுள்

கல்லலில் எங்கள் வீட்டு முற்றம் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் இருக்கும். செட்டிநாட்டுக் கணக்கில் சின்ன முற்றம்தான். அதன் வழியாக ஒவ்வொரு விநாடியும் சுமார் நாலாயிரம் மியூவான்கள் தரைக்குள் இறங்கிப் போகின்றன. பகலா இரவா, மழையா வெயிலா என்று பெரிய வித்தியாசம் கிடையாது. ஓடு வேய்ந்த கூரையும் அவற்றைத் தடுக்காது. உள்ளங்கையை வானம் பார்த்து விரித்து வைத்தால் விநாடிக்கு ஒன்றோ இரண்டோ கையைத் துளைத்துக்கொண்டு போகும். சமவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் என்பது இயற்பியலாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்.

இதில் சிக்கல் என்னவென்றால், கணக்குப்படி இவற்றில் ஒன்றுகூட இங்கே வந்து சேரக் கூடாது.

மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான அண்ணன். அதே மின்னூட்டம், ஆனால் நிறை 207 மடங்கு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், காற்று மண்டலத்தின் உச்சியில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதுகின்றன. அந்த மோதலில் பயான்கள் பிறக்கின்றன. பயான் நொடியில் சிதைந்து மியூவானாகிறது. இதெல்லாம் பெரும்பாலும் 15 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி நடந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு மியூவானின் தனிப் பயணம். ஆனால் மியூவானும் நிலையானதல்ல. அது ஒரு எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைந்துவிடும். ஓய்வில் இருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.197 மைக்ரோ விநாடி. (இது அரை ஆயுள் அல்ல, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு கூட்டம் மியூவான்களை வைத்துக்கொண்டால் 2.197 மைக்ரோ விநாடி கழித்து அதில் 37 சதவீதம் மிஞ்சியிருக்கும். பாதி மிஞ்சுவது 1.52 மைக்ரோ விநாடியில்.)

ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் போகும் தூரம் 300 மீட்டர். எனவே கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் பறந்தாலும் ஒரு சராசரி ஆயுளில் மியூவான் கடக்கக்கூடியது 660 மீட்டர்தான். 15 கிலோமீட்டருக்கு 50 மைக்ரோ விநாடி வேண்டும். அதாவது சுமார் 22.8 ஆயுள்கள். ஒவ்வொரு ஆயுளுக்கும் 37 சதவீதம் என்று பெருக்கிக்கொண்டே போனால், 774 கோடி மியூவான் மேலே கிளம்பினால் ஒன்றே ஒன்று கீழே வரும்.

விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சார்பியல், கால விரிவு, ஓடும் கடிகாரம் மெதுவாக ஓடும். பல கட்டுரைகள் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. அக்கா மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். விடுமுறையில் ஊருக்கு வந்தவனிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது அவன் கேட்டது:

“மாமா, மேல எத்தனை கிளம்புச்சுன்னு யாரு எண்ணுனா? ரொம்ப அதிகமா கிளம்பியிருந்தா, 774 கோடிக்கு ஒண்ணு வந்தாலும் போதுமே?”

நியாயமான கேள்வி. கீழே வந்ததை மட்டும் எண்ணிவிட்டு மேலே நடந்ததை ஊகிப்பது நிரூபணம் ஆகாது. அன்று அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கால விரிவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டுமானால், மேலே அதே பரப்பில் நிமிடத்துக்கு 774 கோடி கிளம்ப வேண்டும். தரை வரை வரும் அளவுக்குத் தெம்புள்ள ஒரு மியூவானுக்குக் கிளம்பும்போது 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். (இனி இதை ஜிஇவி என்றே எழுதுகிறேன். ஓய்வில் உள்ள ஒரு புரோட்டானின் நிறைக்குச் சமமான ஆற்றல் ஏறக்குறைய ஒரு ஜிஇவி.) பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு 800 வாட்டுக்குச் சற்று அதிகமாக வருகிறது. காற்று மண்டலத்தின் உச்சியில் சூரிய ஒளி கொண்டுவருவது சதுர மீட்டருக்கு 1361 வாட். அதில் பாதிக்கு மேல் மியூவான்களாகவே, அதுவும் நடு இரவிலும் கொட்ட வேண்டும்! உண்மையில் காஸ்மிக் கதிர்கள் பூமிக்குக் கொண்டுவரும் மொத்த ஆற்றல், இரவு வானத்து நட்சத்திரங்களின் வெளிச்சம் கொண்டுவரும் அளவுதான். ஆக, “மேலே ரொம்ப அதிகம்” என்ற வழி அடைபட்டது.

அவன் விடவில்லை. “அப்ப மியூவான் ஒளியை விட வேகமாப் போயிருந்தா?”

முதலில் சிரிப்பு வந்தது. கணக்குப் போட்டதும் நின்றுவிட்டது. சார்பியலை முழுக்க மறுப்பவர் நியூட்டன் கணக்கைத்தானே வைத்துக்கொள்ள வேண்டும்? நியூட்டனுக்கு ஒளி வேகம் எல்லை அல்ல. மியூவானின் நிறையையும் 4 ஜிஇவி ஆற்றலையும் ½mv² சூத்திரத்தில் போட்டால் வேகம் ஒளியைப் போல 8.6 மடங்கு வருகிறது. அந்த வேகத்தில் 15 கிலோமீட்டரைக் கடக்க 5.8 மைக்ரோ விநாடி போதும். நூற்றுக்கு ஏழு மியூவான் தரைக்கு வந்துவிடும்! அதாவது “மியூவான் தரைக்கு வருகிறது, எனவே கால விரிவு உண்மை” என்று ஒற்றை வரியில் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேகத்தைத் தனியாக அளந்தால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

அளக்க முடியும். ஒளிர்வான் பலகைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக 3 மீட்டர் இடைவெளியில் வைத்தால், ஒளி வேகத்தில் வரும் துகள் மேல் பலகையிலிருந்து கீழ்ப் பலகைக்கு வர 10 நானோ விநாடி எடுக்கும். நியூட்டன் வேகத்தில் வந்தால் ஒன்றே கால் நானோ விநாடிக்கும் குறைவு. கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் செய்யும் சோதனை இது. ஒளியின் வேகத்தை ஒட்டித்தான் விடை வரும், 8.6 மடங்கு ஒருபோதும் வந்ததில்லை.

மூன்றாவது ஒரு சந்தேகம் உண்டு. அதை அக்கா மகன் கேட்கவில்லை, ஆனால் 1930களின் இறுதியில் நிபுணர்களையே உலுக்கிய சந்தேகம் அதுதான். மலை உச்சியில் மியூவான் அதிகம், கீழே குறைவு என்பது அளவீட்டில் தெரிந்தது. ஆனால் குறைவது சிதைவதாலா, அல்லது காற்று உறிஞ்சிக்கொள்வதாலா? காற்று என்பது லேசான சமாசாரம் இல்லை. வானத்திலிருந்து தரை வரை உள்ள காற்றை அமுக்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1030 கிராம் தேறும், பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். ஒவ்வொரு கிராமைக் கடக்கும்போதும் மியூவான் சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை இழக்கிறது. மொத்தம் 2 ஜிஇவி பறிபோகிறது. ஆற்றல் குறைவானவை வழியிலேயே நின்றுவிடும். சிதைவே இல்லாவிட்டாலும் கீழே எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

இந்த இரண்டையும் பிரிக்க புரூனோ ராஸி செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இத்தாலியின் இனச் சட்டங்களால் 1938இல் வேலையை இழந்து, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1939 கோடையில் சக ஆய்வாளர்களுடன் கருவிகளை ஏற்றிக்கொண்டு கொலராடோ மலைகளுக்குப் போனார். அவருடைய யோசனை இதுதான்: உறிஞ்சுதல் என்பது எத்தனை கிராம் பொருளைக் கடந்தோம் என்பதைப் பொறுத்தது, சிதைவு என்பது எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தது. எனவே ஒரே எடையுள்ள இரண்டு தடைகளை ஒப்பிடு. ஒன்று, மலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவே உள்ள காற்று. இன்னொன்று, அதே எடையுள்ள கிராஃபைட் அடுக்கு. எக்கோ லேக் என்ற இடம் 3240 மீட்டர் உயரம், டென்வர் நகரம் 1616 மீட்டர். நடுவே உள்ள காற்றைக் கடக்க 5.4 மைக்ரோ விநாடி ஆகும். அதே எடைக்குக் கிராஃபைட் வைத்தால் ஒரு மீட்டர் கனம் இருக்கும், சில நானோ விநாடியில் கடந்துவிடலாம். உறிஞ்சுதல் மட்டுமே காரணமானால் இரண்டிலும் எண்ணிக்கை ஒரே அளவு குறைய வேண்டும். காற்றில்தான் அதிகம் குறைந்தது. அந்த உபரிக் குறைவு முழுக்க நேரத்தின் வேலை, அதாவது சிதைவு.

இதற்கு ஒரு வருடம் முன்பே ஒருவர் இதன் உட்பொருளைச் சொல்லியிருந்தார். அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா. 1938இல் நேச்சர் இதழில் வந்த அவருடைய சிறு குறிப்பில், இந்தக் கனமான துகள் தானாகச் சிதையுமானால் அதை ஒரு கடிகாரமாகவே கருதலாம் என்றும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது சிதைய அதிக நேரம் எடுப்பது சார்பியலிலிருந்து நேராகவே வந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தார். துகளுக்குப் பெயர்கூட நிலைக்காத காலம் அது. மெசோட்ரான், கனமான எலக்ட்ரான் என்றெல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை அணுகுண்டுக்குப் பின்னால் வந்த பாபா என்ற நிர்வாகியாக மட்டும் நினைவு வைத்திருப்பது நம் வழக்கம், எனக்கு அந்தச் சிறு குறிப்புதான் பெரிய பாபா.

பாபா சொன்னதில் ஒரு கூர்மையான கணிப்பு ஒளிந்திருக்கிறது. ஓடும் வேகத்தைப் பொறுத்து ஆயுள் நீள்கிறது என்றால், எல்லா மியூவானுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. ஆற்றல் குறைந்தவை சீக்கிரம் சாக வேண்டும், அதிகமானவை நின்று வாழ வேண்டும். எத்தனை மடங்கு என்பதற்கு எளிய சூத்திரம் இருக்கிறது:

```
γ = E / (m c²)
```

மியூவானின் மொத்த ஆற்றலை அதன் ஓய்வு ஆற்றலால், அதாவது 0.1057 ஜிஇவியால் வகுத்தால் ஆயுள் எத்தனை மடங்கு நீளும் என்பது வந்துவிடும். அந்த மடங்குக்குத்தான் காமா என்று பெயர். 4 ஜிஇவி மியூவானுக்குக் காமா கிட்டத்தட்ட 38.

1941இல் ராஸியும் டேவிட் ஹாலும் இதைத்தான் சோதித்தார்கள். அதே எக்கோ லேக், அதே டென்வர். இம்முறை ஈயத் தடுப்புகளை வைத்து மியூவான்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள்: ஈயத்தில் சீக்கிரம் நிற்கும் ஆற்றல் குறைந்த கூட்டம், ஈயத்தை ஊடுருவிப் போகும் கூட்டம். ஆற்றல் குறைந்த கூட்டம் சுமார் மூன்று மடங்கு வேகமாகச் சிதைந்தது. சார்பியல் சொன்ன அளவோடு அது பொருந்தியது. இதை நான் மியூவான் கதையின் மையம் என்பேன். “தரைக்கு வந்து சேர்ந்தது” என்பதை விட “மெதுவானது சீக்கிரம் செத்தது” என்பது பலமான சாட்சி. ஏனென்றால் மேலே எத்தனை பிறந்தன என்ற கேள்வியே இதில் வருவதில்லை.

ஆனால் அப்போது ஓய்வு நிலையில் ஆயுள் எவ்வளவு என்பது நேரடியாக உறுதியாகத் தெரியாது. அதையும் ராஸியே 1942, 1943இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நாரிஸ் நெரசனுடன் சேர்ந்து அளந்தார். மியூவானை உலோகத் தகட்டில் நிறுத்தி, அது நின்றதற்கும் எலக்ட்ரான் வெளியே வந்ததற்கும் இடையே உள்ள நேரத்தைக் குறிப்பதுதான் முறை. கிடைத்தது 2.15 மைக்ரோ விநாடி. இன்றைய எண்ணுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

கண்ணுக்கு நேராக முழுக் கணக்கையும் காட்டிய சோதனை 1963இல் வந்தது. டேவிட் ஃப்ரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் இருவரும் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் ஒரு மணி நேரத்துக்கு 563 மியூவான்களை எண்ணினார்கள். எல்லா மியூவானையும் அல்ல. கருவிக்கு மேலே இரும்பை அடுக்கி, அதைக் கடந்து வந்து ஒளிர்வானுக்குள் நிற்பவற்றை மட்டும். அப்படி நிற்க வேண்டுமானால் ஆற்றல் ஒரு குறுகிய வரம்புக்குள் இருந்தாக வேண்டும், எனவே வேகம் தெரிந்துவிடுகிறது: ஒளி வேகத்தில் 99.5 சதவீதம். பிறகு கடல் மட்டத்துக்கு, கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு இறங்கினார்கள். உயர வித்தியாசம் 1907 மீட்டர், பயண நேரம் 6.4 மைக்ரோ விநாடி.

இங்கே ஒரு நுணுக்கம். மலையில் எண்ணிய அதே ரக மியூவான்களைக் கீழேயும் எண்ண வேண்டும். ஆனால் அவை இறங்கி வரும் வழியில் காற்றில் ஆற்றலை இழந்திருக்கும். எனவே அந்தக் காற்றுக்கு ஈடான இரும்பைக் கீழே கருவியின் மேலிருந்து எடுத்துவிட்டார்கள். (சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் காற்று என்றால், இரும்பில் அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் கனம்.) இதைச் செய்யாமல் இரண்டு இடத்திலும் ஒரே கருவியை அப்படியே வைத்து எண்ணினால், மேலே ஒரு கூட்டத்தையும் கீழே வேறொரு கூட்டத்தையும் எண்ணிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதாகிவிடும். வீட்டில் கருவி செய்து மலைக்கும் சமவெளிக்கும் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். விகிதம் ஏதோ வரும், அதில் எவ்வளவு சிதைவு எவ்வளவு உறிஞ்சுதல் என்று பிரிக்க வழி இருக்காது.

கால விரிவு இல்லையென்றால் கீழே மணிக்கு 27 வந்திருக்க வேண்டும். வந்தது 408. அதிலிருந்து கணக்கிட்ட காமா 8.8. ஆற்றலிலிருந்து எதிர்பார்த்த காமா 8.4. இரண்டும் தம்தம் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகின்றன. வேகம் ஒரு வழியில் வந்தது, ஆயுள் நீட்சி இன்னொரு வழியில் வந்தது, இரண்டும் சந்தித்துக்கொண்டன. அக்கா மகனின் இரண்டு சந்தேகங்களுக்கும் இங்கே இடமில்லை.

இப்போது முழு 15 கிலோமீட்டருக்கு வருவோம். “காமா 38, எனவே ஆயுள் 38 மடங்கு” என்று ஒரே பெருக்கலில் முடிக்க முடியாது. மியூவான் இறங்க இறங்க ஆற்றலை இழக்கிறது, காமா குறைகிறது, கடைசிக் கிலோமீட்டர்களில் அதன் கடிகாரம் வேகம் பிடிக்கிறது. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன், எனவே பத்துப் பத்து மீட்டராக இறக்கிப் பார்த்தேன்:

```python
from math import exp, sqrt

def survive(E, relativity=True):
    m, tau, c = 0.1057, 2.197, 299.8
    h, step, age = 15000.0, 10.0, 0.0
    while h > 0:
        if E <= m:
            return 0.0
        beta = sqrt(E*E - m*m) / E
        gamma = E / m if relativity else 1.0
        age += step / (beta * c * gamma)
        E -= 0.002 * step * 1030/7000 * exp(-h/7000)
        h -= step
    return exp(-age / tau)
```

நீளம் மீட்டரில், நேரம் மைக்ரோ விநாடியில், ஆற்றல் ஜிஇவியில். காற்றின் அடர்த்தி உயரத்தோடு அடுக்குக்குறி முறையில் குறைகிறது என்று வைத்திருக்கிறேன், 7 கிலோமீட்டருக்கு ஒருமுறை 37 சதவீதமாக. நிஜக் காற்று மண்டலம் இவ்வளவு ஒழுங்கானதல்ல, ஆனால் இந்த வேலைக்குப் போதும். நேராகக் கீழ்நோக்கி வருபவை மட்டுமே கணக்கில் உள்ளன.

4 ஜிஇவியோடு கிளம்பும் மியூவான் 2.2 ஜிஇவி அளவில் தரையைத் தொடுகிறது. நூற்றுக்கு 48 பிழைக்கின்றன. 10 ஜிஇவி என்றால் 77. 3 ஜிஇவி என்றால் 34. 2 ஜிஇவிக்கு வந்தால் பத்தை ஒட்டித் தேங்கிவிடுகிறது. 1.5 ஜிஇவி மியூவானோ சிதைவு ஒருபுறம் இருக்க, ஆற்றல் தீர்ந்தே வழியில் நின்றுவிடுகிறது. அதே 4 ஜிஇவிக்கு `relativity=False` என்று போட்டால் பழைய 774 கோடிக்கு ஒன்று என்ற கணக்குக்கே திரும்பிப் போகிறது. தரையில் பிடிபடும் மியூவான்களின் சராசரி ஆற்றல் ஏன் 4 ஜிஇவியை ஒட்டி இருக்கிறது என்பதற்கும் இதில் பாதி விடை உண்டு: மெலிந்தவை வழியிலேயே கழிந்துவிடுகின்றன.

இந்த நிரலில் `age` என்ற மாறிதான் மியூவானின் சொந்தக் கடிகாரம். 4 ஜிஇவி மியூவானுக்கு அது முடிவில் 1.6 மைக்ரோ விநாடி காட்டுகிறது. நம் கடிகாரத்தில் 50 ஓடியிருக்கிறது. மியூவானோடு நாமும் பயணித்தால் நம் ஆயுள் நீண்டதாகத் தோன்றாது. அங்கே நமக்கு எல்லாம் சாதாரணம், அதே 2.2 மைக்ரோ விநாடிதான். மாறுவது வெளியே. எதிரே பாய்ந்து வரும் காற்று மண்டலம் சுருங்கிப்போய் மொத்தமே 480 மீட்டர் கனம்தான் இருக்கும். 660 மீட்டர் போகக்கூடிய துகளுக்கு 480 மீட்டர் பெரிய விஷயமில்லையே. கால விரிவும் நீளச் சுருக்கமும் இரண்டு தனி அதிசயங்கள் என்று நினைக்கத் தேவையில்லை, ஒரே எண்ணை இரண்டு இடத்தில் நின்று படிக்கிறோம்.

இந்தச் சிதைவு நம் ஊர்ப் பக்கத்திலேயே அன்றாடத் தொல்லையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஊட்டியில், 2200 மீட்டர் உயரத்தில், டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம். பாபா 1945இல் தொடங்கிய அதே நிறுவனம். அங்கே கிரேப்ஸ்-3 என்ற பரிசோதனையின் பகுதியாக 560 சதுர மீட்டரில் ஒரு மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. தொலைநோக்கி என்றதும் ஆடியைத் தேடாதீர்கள். ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள், உள்ளே வாயு, நடுவே ஒரு கம்பி, அப்படி 3712 குழாய்கள். மேலே இரண்டு மீட்டர் கனத்துக்குக் காங்கிரீட். 1 ஜிஇவிக்குக் குறைந்த மியூவான்கள் காங்கிரீட்டிலேயே நின்றுவிடும். மிச்சமுள்ளவையே ஒரு நாளைக்கு 400 கோடி.

அங்கே 100 மியூவான், ஒவ்வொன்றும் 3 ஜிஇவி, எண்ணப்படாமல் நழுவி நம் சமவெளிக்கு இறங்கி வருவதாகக் கற்பனை செய்தால், 2100 மீட்டர் இறக்கம், 7 மைக்ரோ விநாடி. கால விரிவு இல்லாவிட்டால் நாலு தேறும். இருப்பதால் 88 வரும்.

இவ்வளவு எண்ணிக்கை கையில் இருந்தால் நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒரு பங்கு மாற்றம்கூடத் தெளிவாகத் தெரியும். அப்படித் தெரிந்த ஒன்று வெப்பநிலை. மேல் காற்று சூடானால் ஊட்டியில் மியூவான் எண்ணிக்கை குறைகிறது. ஒரு டிகிரிக்கு 0.17 சதவீதம் என்று அந்தக் குழு 2017இல் வெளியிட்டது. காரணம் நாம் மேலே பார்த்ததுதான். சூடான காற்று விரிகிறது, மியூவான் பிறக்கும் அடுக்கு உயரே போகிறது, பயணம் நீள்கிறது, கூடுதலாகச் சில சிதைந்துவிடுகின்றன. என் நிரலை வைத்தே தோராயமாகச் சரிபார்க்கலாம். காற்றின் வெப்பநிலை 250 கெல்வின் அளவில் இருக்கும்போது ஒரு டிகிரி ஏறினால் காற்று மண்டலம் 0.4 சதவீதம் உயரும். 6 ஜிஇவி மியூவான் வழியில் செலவிடுவது 0.45 ஆயுள். அதில் 0.4 சதவீதம் கூடினால், பிழைப்பவை 0.18 சதவீதம் குறையும். ஊட்டியின் உயரத்தையும் கோணங்களையும் கணக்கில் எடுக்காத முரட்டு மதிப்பீடு இது, இவ்வளவு அருகில் வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அளவு சரியான இடத்தில் நிற்கிறது.

இதற்கு ஒரு எல்லையும் இருக்கிறது. தரைக்கு ஆழத்தில், சுரங்கங்களுக்குள் எண்ணினால் இந்த விளைவு தலைகீழாகிவிடும்: மேல் காற்று சூடானால் எண்ணிக்கை கூடும். அவ்வளவு ஆழம் வரும் மியூவான்களுக்குக் காமா ஆயிரக்கணக்கில், அவை காற்றில் சிதைவதே அபூர்வம். அங்கே தீர்மானிப்பது மியூவான் அல்ல, அதன் தாயான பயான். சூடான, அடர்த்தி குறைந்த காற்றில் பயான் இன்னொரு அணுக்கருவில் மோதுவதற்கு முன் சிதைய அதிக வாய்ப்பு கிடைக்கிறது, மியூவான் கூடுதலாகப் பிறக்கிறது. ஊட்டியிலும் இந்த எதிர் விளைவு கொஞ்சம் கலந்திருக்கும், ஆனால் சிதைவு அதை மிஞ்சிவிடுகிறது.

ஊட்டிக் குழுவுக்கு இந்தத் திருத்தம் அலங்காரம் அல்ல. 2014 டிசம்பர் 1 அன்று அந்த ஆய்வகத்துக்கு மேலே கடந்த ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாக, மியூவான் எண்ணிக்கையில் ஏற்பட்ட இரண்டு சதவீத அளவிலான சரிவை வைத்தே அவர்கள் கணக்கிட்டார்கள். மேகத்தின் மின்புலம் மியூவானின் ஆற்றலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, 1 ஜிஇவி வாசலை ஒட்டி நிற்பவை அதனால் உள்ளே வரலாம், வெளியேயும் போகலாம். நல்லவேளையாக இடிமழை நிமிடக் கணக்கில் வந்து போகிறது, மேல் காற்றின் வெப்பநிலை நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் மாறுகிறது. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க முடிவது அதனால்தான்.